வரவேண்டிய பில்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையின்றி ஃபேக்டருக்கு விற்பதும் கணக்கில் எழுதுவதும்: முதன்முறை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

கடனுக்கு விற்ற சரக்கின் பில்களை, அவற்றை விலைக்கு வாங்கி வசூலிக்கும் நிதி நிறுவனமான ஃபேக்டரிடம் கொடுத்து உடனே பணம் வாங்கும்போது, வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகை பில்களின் மொத்தத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளியை ஃபேக்டரின் அறிக்கை பெரும்பாலும் "கழிவுகள்" என்று ஒரே வரியில் காட்டிவிடுகிறது. முதன்முறை இந்த வேலை என் மேசைக்கு வந்தபோது அந்த ஒரு வரியைப் பிரித்து அறிவதற்கே அதிக நேரம் பிடித்தது. அதற்குள் கட்டணம் இருக்கிறது, வட்டி இருக்கிறது, பின்னால் திரும்பி வரவேண்டிய நிறுத்திவைப்பும் இருக்கிறது. இவற்றில் முதல் இரண்டும் போய்விட்ட பணம். மூன்றாவது இன்னும் உங்கள் சொத்து. இந்த வேறுபாட்டை விற்பனை நாளன்றே பேரேட்டில் காட்டிவிட்டால் மற்றவை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

கீழே ஒரே ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தைப் படிப்பதிலிருந்து நிறுத்திவைப்பு முழுதும் தீர்வது வரை போகிறேன். தொகைகளைப் பண அலகின்றித் தந்திருக்கிறேன். உங்கள் நாணயத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. ஒப்பந்தத்தில் யார் எந்த இழப்பைச் சுமக்கிறார் என்று பாருங்கள்

வாடிக்கையாளர் கட்டாவிட்டால் ஃபேக்டர் உங்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார் என்று பொருள்படும் "திருப்பிக் கேட்கும் உரிமையின்றி" என்ற சொற்கள் ஒப்பந்தத்தின் தலைப்பில் இருப்பது மட்டும் போதாது. கணக்கில் இதை விற்பனையாக எழுதலாமா, அல்லது பில்களை அடகு வைத்து வாங்கிய கடனாக எழுத வேண்டுமா என்பதை உள்ளே இருக்கும் பிரிவுகள்தான் தீர்மானிக்கின்றன. சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 9இன்படி, அந்தப் பில்களின் இடர்களும் பலன்களும் பெரும்பாலும் முழுமையாக ஃபேக்டரிடம் போயிருந்தால் அவற்றை உங்கள் ஏட்டிலிருந்து நீக்கலாம். அமெரிக்கத் தரநிலைத் தொகுப்பின் 860ஆம் தலைப்பு கட்டுப்பாட்டைக் கேட்கிறது: நீங்கள் நொடித்துப்போனாலும் உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களின் கைக்கு எட்டாதபடி அந்தப் பில்கள் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், ஃபேக்டர் அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ முடிய வேண்டும், அவற்றின்மேல் உங்களுக்கு நடைமுறைக் கட்டுப்பாடு எஞ்சியிருக்கக் கூடாது. எந்தத் தரநிலையைப் பின்பற்றினாலும், ஒப்பந்தத்தில் பின்வரும் இரண்டு இடங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, நிறுத்திவைப்பு எதற்காக என்று சொல்லும் பிரிவு. சரக்குத் திரும்புதல், விலைக் குறைப்பு, அளவுத் தகராறு போன்ற காரணங்களால் வாடிக்கையாளர் குறைவாகக் கொடுத்தால் மட்டும் அதிலிருந்து கழிக்கலாம் என்று இருந்தால் சிக்கல் இல்லை, ஏனெனில் அவை விற்றவரின் பொறுப்பாகவே எப்போதும் இருப்பவை. ஆனால் வாடிக்கையாளர் நொடித்துப்போவதால் வரும் இழப்பையும் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சொற்றொடர் சேர்ந்திருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். பில்களில் வழக்கமாக வராமற்போவது 1 சதவீதத்துக்கும் குறைவு, நிறுத்திவைப்பு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நடக்கக்கூடிய வாராக்கடன் இழப்பு அனைத்தும் அந்த 10 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தலைப்பு என்ன சொன்னாலும் இடர் உங்களிடமேதான் இருக்கிறது. தரநிலை 9இன்படி அதை விற்பனையாக எழுத முடியாது.

இரண்டாவது, வட்டி எந்த நாள் வரை ஓடுகிறது என்ற பிரிவு. பில்லின் தவணை நாள் வரை, அல்லது அதற்குப்பின் குறிப்பிட்ட சில நாட்கள் வரை என்று முடிவு கட்டப்பட்டிருந்தால் அது விலையின் ஒரு பகுதி. வாடிக்கையாளர் பணம் கட்டும் நாள் வரை வரம்பின்றி ஓடும் என்றால், தாமதத்தின் இடரை நீங்கள் சுமக்கிறீர்கள். நன்றாகப் பணம் கட்டும், ஆனால் தாமதமாகக் கட்டும் வாடிக்கையாளர்களைக் கொண்ட தொழிலில், வாராக்கடன் இடரைவிட இந்தத் தாமத இடரே பெரிதாக இருக்கலாம். தணிக்கையாளர் முதலில் விரல் வைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கையெழுத்திடும் முன்பே இந்தப் பிரிவை அவரிடம் காட்டிவிடுவது நல்லது. கையெழுத்துக்குப் பின் ஃபேக்டர் வரம்பு நாள் ஒன்றைச் சேர்த்துத் தருவது அரிது.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள், அதிகம் தாமதிப்பதை முதலில் தொடங்குங்கள்

ஃபேக்டர் கேட்பவை பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பவைதான்: பில்களின் நகல்கள், சரக்கு சேர்ந்ததற்கு வாடிக்கையாளர் கையெழுத்திட்ட சான்று, வயதுவாரியான கடனாளிகள் பட்டியல், முந்தைய ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கைகள். இவற்றில் அடிக்கடி குறைவது சரக்கு சேர்ந்ததற்கான சான்று. அது இல்லாத பில்லை ஃபேக்டர் ஏற்கமாட்டார். ஏற்றாலும் பின்னால் தகராறு வந்தால் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் கையில் இல்லாதவை இரண்டு. வங்கியிடம் நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருந்தால், வரவேண்டிய தொகைகள் அனைத்தின்மீதும் பெரும்பாலும் வங்கிக்குப் பிணை உரிமை இருக்கும். அதை இந்தப் பில்களின் அளவுக்கு விடுவித்து வங்கி தரும் எழுத்துமூலமான கடிதம் இல்லாமல் விற்பனையில் இறங்க வேண்டாம். இதுவே எல்லாவற்றிலும் அதிக காலம் பிடிக்கும் ஆவணம். ஃபேக்டருடன் பேச்சு தொடங்கிய நாளிலேயே வங்கிக்கும் எழுதிவிடுங்கள். அடுத்தது, பெரிய வாடிக்கையாளர்களுடனான கொள்முதல் ஒப்பந்தம். எங்கள் சம்மதமின்றி இந்தப் பில்லை வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்ற தடைப் பிரிவு அதில் ஒளிந்திருக்கலாம். அத்தகைய வாடிக்கையாளரின் சம்மதக் கடிதம் வரும்வரை அவருடைய பில்களைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம்.

ஒப்பந்தம் முடிந்ததும், இனிப் பணத்தை ஃபேக்டருக்குக் கட்டவும் என்ற அறிவிப்பு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போகும். அது போவதற்கு முன் நீங்களே அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திடீரென்று வங்கிக் கணக்கு மாறும் கடிதத்தை மோசடி என்று கருதி அவர்கள் பணத்தை நிறுத்திவைப்பது நடக்கக்கூடியதே, நியாயமானதும்கூட.

3. விற்றதையும் விற்காததையும் பிரியுங்கள்

ஃபேக்டர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கடன் வரம்பு வைப்பார். திருப்பிக் கேட்காத பாதுகாப்பு அந்த வரம்புக்குள் இருக்கும் பில்களுக்கு மட்டுமே. வரம்பைத் தாண்டியவற்றையும் அவர் வாங்கிக்கொள்வார், முன்பணமும் தருவார். ஆனால் அவை வராவிட்டால் உங்களிடமே கேட்பார். ஒரே அறிக்கையில் இரண்டும் கலந்து வருவதால், மொத்தத்தையும் விற்பனையாக எழுதிவிடும் ஆபத்து இங்கே அதிகம்.

நாம் எடுத்துக்கொண்ட தொகுப்பில் அனுப்பிய பில்கள் 11,20,000. ஃபேக்டரின் ஏற்பு அறிக்கையில் 10,00,000 "அங்கீகரிக்கப்பட்டது", 1,20,000 "அங்கீகாரமற்றது" என்று இருக்கிறது. அந்த 1,20,000க்கு முன்பணம் வேண்டாம் என்று மறுத்து, பில்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கொள்வோம்; அவை கடனாளிகள் கணக்கில் இருந்தபடியே இருக்கும். முன்பணம் வாங்கியிருந்தால், தரநிலை 9இன்படி அந்தப் பில்கள் ஏட்டிலிருந்து நீங்காது. வந்த பணம் ஃபேக்டருக்குத் தரவேண்டிய கடன் என்று தனிக் கணக்கில் போகும், அதற்கான கட்டணமும் கடனின் செலவாகும்.

விற்பனையின் தேதி, நீங்கள் பில்களை அனுப்பிய நாளல்ல. ஃபேக்டர் ஏற்று, உரிமை மாறிய நாள். மாதக் கடைசியில் அனுப்பி அடுத்த மாதம் ஏற்கப்பட்ட தொகுப்பு, மாதக் கடைசிக் கணக்கில் இன்னும் உங்கள் கடனாளிகள்தான்.

4. கழிவை மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்

அங்கீகரிக்கப்பட்ட 10,00,000க்கு ஒப்பந்த விதிகள் இவை: சேவைக் கட்டணம் 3 சதவீதம், நிறுத்திவைப்பு 10 சதவீதம், கட்டணமும் நிறுத்திவைப்பும் போக மீதமுள்ள முன்பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. வட்டி 60 நாட்களுக்கு, ஆண்டுக்கு 360 நாள் என்ற கணக்கில், முன்கூட்டியே கழிக்கப்படும்; வாடிக்கையாளர் தாமதித்தாலும் மேற்கொண்டு கேட்கப்படாது.

கட்டணம் 30,000. நிறுத்திவைப்பு 1,00,000. மீதம் 8,70,000, இதற்கு 60 நாள் வட்டி 17,400. ஆக வங்கிக்கு வருவது 8,52,600.

ஃபேக்டரின் அறிக்கை இதை "கழிவுகள் 1,47,400" என்று காட்டும். அந்தத் தொகையை அப்படியே நட்டமாக எழுதினால் 1,00,000 சொத்து ஏட்டிலிருந்து மறைந்துவிடும். பின்னால் நிறுத்திவைப்பு திரும்பி வரும்போது அதைத் திடீர் வருமானமாகக் காட்ட நேரிடும். கட்டணமும் வட்டியும் சேர்ந்த 47,400 மட்டுமே விலையில் விட்டுக்கொடுத்தது.

செலவை ஒப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு: 8,52,600ஐ 60 நாள் முன்னதாகப் பெற 47,400 கொடுப்பது ஏறத்தாழ 5.6 சதவீதம், ஆண்டுக்கு 33 சதவீதத்தைத் தாண்டும். இதை வங்கிக் கடனின் வட்டியோடு நேருக்கு நேர் வைப்பது சரியாகாது, ஏனெனில் இதில் வசூல் வேலையும் வாராக்கடன் காப்பும் அடங்கியிருக்கின்றன. என்றாலும் அந்த இரண்டுக்கும் நீங்கள் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்க்கும் அளவுக்குப் பெரிய எண்தான்.

5. ஏற்கெனவே இருக்கும் ஒதுக்கை மறக்காமல் நட்டத்தைக் கண்டறியுங்கள்

பாடநூல் கணக்குகள் இங்கே 47,400ஐ நட்டமாக எழுதி முடித்துவிடும். உண்மையான ஏட்டில் அந்தப் பில்களுக்கு எதிராக வாராஐயக்கடன் ஒதுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். நமது தொகுப்பில் அது 8,000 என்று வைத்துக்கொள்வோம். பில்கள் போனபின் அவற்றுக்கான ஒதுக்குக்கும் ஏட்டில் வேலை இல்லை. எனவே நட்டம் என்பது, ஒதுக்கைக் கழித்த ஏட்டு மதிப்புக்கும் பெற்ற மொத்தப் பலனுக்கும் உள்ள வேறுபாடு. ஏட்டு மதிப்பு 9,92,000. பலன், ரொக்கம் 8,52,600, அதோடு நிறுத்திவைப்பைப் பெறும் உரிமை 1,00,000, ஆக 9,52,600. நட்டம் 39,400.

விற்பனை நாளின் குறிப்பேட்டுப் பதிவு:

வங்கிக் கணக்கு, பற்று: 8,52,600
ஃபேக்டரிடமிருந்து வரவேண்டியது கணக்கு, பற்று: 1,00,000
வாராஐயக்கடன் ஒதுக்குக் கணக்கு, பற்று: 8,000
பில்கள் விற்ற நட்டக் கணக்கு, பற்று: 39,400
கடனாளிகள் கணக்கு, வரவு: 10,00,000

பற்றுப் பக்கம் 10,00,000 வருகிறதா என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தையும் வட்டியையும் தனித்தனிச் செலவாகப் பதிந்து, நட்டக் கணக்கையே விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விலை விற்பனை நாளிலேயே முடிவாகிவிட்ட விற்பனையில் இரண்டும் விற்ற விலையின் குறைவுதான். வட்டியை 60 நாட்களுக்குப் பரப்பி எழுதுவது இதைக் கடனாகக் கருதும் வழக்கம். நிர்வாகத்துக்குப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் நட்டக் கணக்கின்கீழ் இரண்டு துணைக் கணக்குகள் வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்திவைப்பை முழு 1,00,000க்கு எழுதலாமா என்பது அடுத்த கேள்வி. எதிர்பார்க்கும் சரக்குத் திருப்பங்களுக்கு ஏட்டில் ஏற்கெனவே ஒரு பொறுப்பு வைத்திருந்தால் முழுதாக எழுதலாம்; இங்கேயும் கழித்தால் ஒரே திருப்பத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும். அப்படிப் பொறுப்பு எதுவும் வைக்கவில்லை என்றால், உண்மையில் கைக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் தொகைக்குத்தான் நிறுத்திவைப்பை மதிப்பிட வேண்டும். நமது கணக்கில் விற்பனைத் திருப்பத்துக்கான பொறுப்பு 20,000 ஏற்கெனவே இருக்கிறது என்று கொள்கிறேன்.

6. நிறுத்திவைப்பிலிருந்து கழிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள்

அடுத்த 60 நாட்களில் ஒரு வாடிக்கையாளர் 14,000 மதிப்புள்ள சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். இன்னொருவருக்குத் தரக்குறைவுக்காக 4,000 குறைத்து கிரெடிட் நோட் கொடுக்கிறீர்கள். இரண்டையும் ஃபேக்டர் நிறுத்திவைப்பிலிருந்து கழிப்பார், அது சரியே. ஆனால் இவை பில்களை விற்ற நட்டமல்ல; உங்கள் சரக்கு விற்பனையைச் சேர்ந்தவை. ஃபேக்டருக்கே பில்லை விற்காமல் வைத்திருந்தாலும் இவை நடந்திருக்கும்.

விற்பனைத் திருப்பப் பொறுப்புக் கணக்கு, பற்று: 18,000
ஃபேக்டரிடமிருந்து வரவேண்டியது கணக்கு, வரவு: 18,000

திரும்பி வந்த சரக்கைக் கையிருப்பில் ஏற்றும் பதிவு தனியே போடப்பட வேண்டும். கிரெடிட் நோட் ஒவ்வொன்றின் நகலும் கொடுத்த அன்றே ஃபேக்டருக்குப் போய்ச் சேரட்டும். தாமதித்தால் வாடிக்கையாளர் குறைத்துக் கட்டியதை அவர் "தகராறு" என்று குறித்து, அந்த முழுப் பில்லையும் அங்கீகாரத்திலிருந்து எடுத்துவிடும் உரிமை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

இதே காலத்தில் மூன்றாவது வாடிக்கையாளர் ஒருவர் 90,000 பாக்கியோடு நொடித்துப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பில், தகராறு எதுவும் இல்லை, இழப்பு ஃபேக்டருடையது. உங்கள் ஏட்டில் எந்தப் பதிவும் இல்லை. இந்த இடத்தில்தான் மாத அறிக்கையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பணம் கட்ட முடியாத வாடிக்கையாளர் பெரும்பாலும் சாக்காக ஒரு தரக் குறையைச் சொல்லத் தொடங்கியிருப்பார்; அதைப் பிடித்துக்கொண்டு ஃபேக்டர் 90,000ஐத் தகராறு வரிசைக்கு மாற்றி நிறுத்திவைப்பில் கைவைக்கக்கூடும். கையெழுத்திட்ட சரக்குச் சான்று உங்களிடம் இருந்தால், சரக்கு சேர்ந்த தேதிக்கும் அவர் குறை சொன்ன தேதிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டி எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். ஒப்பந்தம் மறுப்புக்கு ஒரு கெடு வைத்திருக்கும். அதற்குள் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசியது கணக்கில் சேராது.

பழக்கதோஷத்தில் ஒரு வாடிக்கையாளர் உங்கள் வங்கிக் கணக்கிலேயே பணம் கட்டிவிடுவதும் நடக்கும். அவருடைய பில் இப்போது உங்கள் கடனாளிகள் கணக்கில் இல்லாததால், அங்கே வரவு வைத்தால் எதிர்மறை நிலுவை ஒன்று நிற்கும். அதைப் பார்த்தாலே இது நடந்திருக்கிறது என்று ஊகித்துவிடலாம். அந்தப் பணம் ஃபேக்டருடையது. வங்கியைப் பற்று வைத்து, ஃபேக்டருக்குத் தரவேண்டியது என்ற கணக்கை வரவு வைத்து, ஒப்பந்தம் சொல்லும் நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். நிறுத்திவைப்போடு கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வசூலைத் தடுத்துவைத்தது ஒப்பந்த மீறலாகி, திருப்பிக் கேட்கும் உரிமையையே அவருக்குத் தரும் ஒப்பந்தங்கள் உண்டு.

7. நிறுத்திவைப்பைத் தீர்த்து, எஞ்சிய பொறுப்பை மூடுங்கள்

வசூல் முடிந்ததும் ஃபேக்டர் மீதி 82,000ஐ அனுப்புவார். எல்லாப் பில்களும் வசூலான பிறகா, ஒவ்வொரு பில்லும் வசூலாக வசூலாகவா, அல்லது மாதம் ஒருமுறையா என்பதை ஒப்பந்தம் சொல்லும். முதலாவதாக இருந்தால், நொடித்துப்போனவரின் 90,000 தீர்வாகும்வரை உங்கள் 82,000ம் அங்கேயே கிடக்கும். எனவே அங்கீகரிக்கப்பட்ட பில்லுக்கு ஒரு கடைசி நாள் குறித்து, அதன்பின் வசூலாகாவிட்டாலும் நிறுத்திவைப்பை விடுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள்.

வங்கிக் கணக்கு, பற்று: 82,000
ஃபேக்டரிடமிருந்து வரவேண்டியது கணக்கு, வரவு: 82,000

இப்போது அந்தக் கணக்கு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், உங்களுக்குத் தெரியாத கழிவு ஒன்று ஃபேக்டரின் பக்கத்தில் இருக்கிறது. தொகுப்பு எண்வாரியாக இந்தக் கணக்கைப் பிரித்து வைத்திருந்தால் அது எந்தத் தொகுப்பில் என்று உடனே தெரியும். எல்லாத் தொகுப்புகளையும் ஒரே நிலுவையாக வைத்திருந்தால் மாதக்கணக்கில் தேட நேரிடும்.

திருப்பப் பொறுப்பில் வைத்திருந்த 20,000இல் 18,000 பயன்பட்டது. திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்திருந்தால் மீதி 2,000ஐ விற்பனை வருவாய்க்குத் திருப்பி எழுதலாம். முடியாவிட்டால் அது அப்படியே நிற்கட்டும். காலாண்டு முடிவு இடையில் வந்தால், நிறுத்திவைப்பு இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகளோடு கலக்காமல் தனி வரியில் இருக்க வேண்டும். அப்போது அந்தத் தொகைக்கான இடர் உங்கள் வாடிக்கையாளரின் இடரல்ல, ஃபேக்டரின் இடர்; அவர் திருப்பித் தர முடியாமல் போகும் வாய்ப்பை மதிப்பிட்டு, தேவையானால் அதற்கும் ஒதுக்கு வைக்க வேண்டும்.